அம்மாவின் நூறு பங்கும் என்னுடைய நூறு பங்கும்

எங்கள் வீட்டில் இரும்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ்கள், தாத்தாவின் பிரஜாவுரிமைக் கடதாசி, அம்மாவின் சேமலாப நிதிக் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான். மூன்று வருசத்துக்கு முன்னர் தம்பியின் பிறப்புச் சான்றிதழைத் தேடும்போது நாலாக மடித்த, ஓரம் பழுத்த ஒரு தாள் கிடைத்தது. தோட்டக் கம்பனியின் பங்குச் சான்றிதழ். அம்மாவின் பேரில்.

அது எப்படி வந்ததென்று அம்மாவுக்கே சரியாக ஞாபகமில்லை. "ஆபீசுல கையெழுத்து வாங்கிட்டு குடுத்தாங்க. நெறையப் பேரு அப்பவே வித்துட்டாங்க. நான் பெட்டியில போட்டேன்" என்றார். கதை என்னவென்றால், 70களில் அரசு எடுத்த தோட்டங்கள் 1992இல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. 90களின் நடுவில் அந்தக் கம்பனிகளின் பெரும்பான்மைப் பங்கைத் தனியாருக்கு விற்றபோது, 10 வீதத்தைத் தொழிலாளர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அம்மா அப்போதுதான் புதிதாகப் பேர் பதிந்து கொழுந்துக்குப் போகத் தொடங்கியிருந்தார். அந்த இலவசத்தில் அம்மாவுக்கு விழுந்த துண்டுதான் இது.

தாளை வைத்துக்கொண்டு விற்க முடியாது. தரகர் கம்பனி மூலம் சி.டி.எஸ். கணக்கொன்று திறந்து, சான்றிதழை ஒப்படைத்து, பங்கைக் கணினிக் கணக்கில் ஏற்ற வேண்டும். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, சான்றிதழில் வேறொரு எழுத்து. அந்த ஒரு எழுத்துக்காக சத்தியக் கடதாசி, ஜே.பி. கையெழுத்து என்று இரண்டு மாதம் போனது. (நம்மட ஆட்களின் பெயரை யார் யாரோ தங்கள் காதுக்குக் கேட்டபடி எழுதிய வரலாறு தனியாக எழுத வேண்டிய விசயம்.) ஒரு வழியாகக் கணக்கில் ஏறியது. போனில் ஆப் ஒன்றும் வந்தது. அம்மாவின் கணக்கு, ஆனால் போனைத் தட்டத் தெரிந்தவள் நான்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

கொழும்புப் பங்குச் சந்தையில் ஒரே ஒரு பங்கைக்கூட வாங்கலாம். குறைந்தது இவ்வளவு என்று கிடையாது. ஆகவே கெம்பசில் மஹபொல காசு வந்ததும், கண்டியில் டியூசன் கொடுத்த காசு மிஞ்சியதும், அம்மாவிடம் சொல்லிவிட்டு அதே கம்பனியில் இருபது, முப்பது என்று வாங்கினேன். கொஞ்சம் ஏறினால் விற்பேன், இறங்கினால் திரும்ப வாங்குவேன். ஒரு வருசத்தில் நாற்பதுக்கு மேல் வாங்கல் விற்றல். எல்லாம் அம்மாவின் ஒரே கணக்கில். நான் வைத்திருந்த பதிவு? ஆப்பில் தெரியும் பச்சையும் சிவப்பும். அவ்வளவுதான்.

இனி வரும் கணக்கில் கம்பனியின் பெயரையும் உண்மை எண்ணிக்கையையும் விட்டுவிட்டு, நாற்பது தடவையை நாலு தடவையாகச் சுருக்கி, இலகுவான எண்களில் எழுதுகிறேன். நடந்ததன் உருவம் இதுதான்.

அம்மாவின் பழைய பங்கு 100. நான் முதலில் 40 ரூபாவுக்கு 50 வாங்கினேன். பிறகு 50 ரூபாவுக்கு 30. பிறகு 60 ரூபாவுக்கு 20. என்னுடையதும் 100 ஆனது. பிறகு ஒரு நாள் விலை 55இல் நிற்கும்போது 60 பங்கை விற்றேன்.

ஆப் சொன்னது: சராசரி விலை 23.76 ரூபா, இந்த விற்பனையில் இலாபம் சுமார் 1,837 ரூபா. நான் சந்தோசத்தில் அம்மாவின் கையில் 900 ரூபா கொடுத்து, "இலாபத்துல பாதி உங்களுக்கு" என்றேன். பெரிய மனுசி மாதிரி. மிச்ச இலாபத்தில் கண்டியில் சாப்பாடும் ஒரு சப்பாத்தும்.

40 ரூபாவுக்குக் குறைவாக நான் ஒரு பங்குகூட வாங்கவில்லை. அப்படியிருக்க சராசரி எப்படி 23.76? இந்தக் கேள்வி எனக்கு வந்தது ஐந்து மாதம் கழித்து, அம்மா கேட்ட இன்னொரு கேள்வியால். தம்பிக்கு ஏ.எல். வகுப்புக் காசு கட்ட வேண்டியிருந்தது. அம்மா கேட்டார்: "எம் பங்குல எத்தன மிச்சம் இருக்கு புள்ள?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. கணக்கில் 140 பங்கு இருந்தது. விற்ற 60 யாருடையது என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை.

அன்றிரவு உட்கார்ந்து, ஈமெயிலில் குவிந்து கிடந்த கொன்ட்ராக்ட் நோட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஒவ்வொரு வாங்கலுக்கும் விற்றலுக்கும் தரகர் கம்பனி அனுப்பும் தாள் அது. முதலில் விளங்கியது கட்டணம். நம் மாதிரிச் சின்னத் தொகைகளுக்கு வாங்கும்போது 1.12 வீதம், விற்கும்போது இன்னொரு 1.12 வீதம் போகிறது. தரகர் கூலி, பங்குச் சந்தைக்கு, ஆணைக்குழுவுக்கு, சி.டி.எஸ்.க்கு, அரசின் பங்குப் பரிமாற்ற அறவீடு 0.3 வீதம், எல்லாம் சேர்ந்தது அது. ஆக, அடக்க விலை என்பது நான் திரையில் அழுத்திய விலை இல்லை, கட்டணத்தையும் சேர்த்துக் கையை விட்டுப் போன காசு. அதேபோல விற்றது என்றால் கட்டணம் கழித்துக் கைக்கு வந்த காசு. எக்ஸெலில் எழுதினால், C எண்ணிக்கை, D விலை:

```
வாங்கல்:  =C2*D2*1.0112
விற்றல்:  =C2*D2*(1-0.0112)
```

இதன்படி 50 ரூபாவுக்கு வாங்கிய பங்கை 51 ரூபாவுக்கு விற்றால் நட்டம். 51.13க்கு மேல் போனால்தான் போட்ட காசு திரும்பும். "ஒரு ரூபா ஏறிட்டு, வித்துருவோம்" என்று நான் செய்த பல விற்பனைகள் வெறும் தரகர் கூலிக்காக நடந்தவை.

இரண்டாவது விசயம், ஒரு தடவை வாங்கியது என்று நான் நினைத்தது பல இடங்களில் ஒன்றாக இல்லை. தோட்டக் கம்பனிப் பங்குகள் சில நாட்கள் ஆமை வேகத்தில்தான் கை மாறும். 30 பங்குக்கு ஓடர் போட்டால் காலையில் 7, மத்தியானம் 12, பின்னேரம் 11 என்று விழும். விலையும் பத்துச் சதம், இருபது சதம் மாறும். என் மனதில் ஒன்று, கொன்ட்ராக்ட் நோட்டில் மூன்று வரி. பிறகு ஒரு பகுதியை விற்கும்போது குழம்பாமல் இருக்க மூன்றையும் தனித்தனி வரியாகவே எழுத வேண்டும்.

இப்போது பெரிய கேள்வி. என்னுடைய 100 பங்குக்கும் கட்டணத்தோடு நான் போட்டது 2,022.40, 1,516.80, 1,213.44. மொத்தம் 4,752.64 ரூபா. 60 பங்கை 55க்கு விற்றுக் கைக்கு வந்தது 3,263.04. விற்றது என்னுடையதில் 60 என்றே வைத்துக்கொள்வோம். இலாபம் எவ்வளவு?

அது எந்த 60 என்பதில் இருக்கிறது. முதலில் வாங்கியது முதலில் போகும் என்று வைத்தால், 40 ரூபாவின் 50ம், 50 ரூபாவில் 10ம் போகின்றன. அடக்கம் 2,528, இலாபம் 735. சராசரி என்று வைத்தால் ஒரு பங்கு 47.53, அடக்கம் 2,851.58, இலாபம் 411. விலை கூடியதை முதலில் விற்றேன் என்று குறித்துச் சொன்னால் அடக்கம் 3,134.72, இலாபம் 128 மட்டும்.

ஒரே விற்பனை, ஒரே காசு, மூன்று இலாபம். நான் முதலில் ஏதோ பிழை விட்டேன் என்றுதான் நினைத்தேன். பிறகு மிச்ச 40ஐயும் 45 ரூபாவுக்கு விற்றால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். கைக்கு 1,779.84 வரும். முதல் முறையில் அது 445 ரூபா நட்டம், சராசரியில் 121 நட்டம், மூன்றாவதில் 162 இலாபம். முதல் விற்பனையையும் இதையும் கூட்டினால் மூன்றிலும் ஒரே விடை: 290 ரூபா 24 சதம். எந்த முறை என்றாலும் கடைசிப் பங்கு போகும்வரை மொத்தம் மாறாது. எந்த மாதத்தில் எவ்வளவு தெரியும் என்பது மட்டும்தான் மாறும். ஆனால் பாதி வழியில் நின்று ஒருவர் "என் பங்கைக் கொடு" என்று கேட்கும்போது அந்தப் "பாதி வழி"தான் எல்லாமே.

இதெல்லாம் விற்றது என்னுடையது என்று வைத்துச் செய்த கணக்கு. ஆப் அப்படி வைக்கவில்லை. அதற்கு அம்மாவும் நானும் கிடையாது, ஒரு கணக்கு, 200 பங்கு. தாளில் இருந்து ஏறிய 100க்கும் வாங்கிய விலை என்று ஒன்று இல்லாததால் எங்கள் கணக்கில் பூச்சியம் என்று விழுந்திருந்தது. 4,752.64ஐ 200ஆல் வகுத்தால் 23.76. என்னுடைய 47.53ஐ அம்மாவின் பூச்சியம் பாதியாக்கிவிட்டது. நான் கொண்டாடிய 1,837 ரூபாவில் என் உண்மை இலாபம் 411. மிச்சம் 1,426 ரூபா அம்மாவின் பழைய பங்கு எனக்குக் காட்டிய பச்சை நிறம்.

இதைவிட மோசம் அதற்குப் பிறகு நடந்தது. விலை 55இலிருந்து 45க்கு இறங்கியபோது ஆப் பச்சையாகவே இருந்தது, 23.76க்கு மேலே அல்லவா. நானும் நிம்மதியாக இருந்தேன். என்னுடைய பங்குக்குப் போட்ட காசு திரும்ப 48 ரூபா 7 சதமாவது வேண்டும். 48க்குக் கீழே போன நாளிலிருந்தே நான் நட்டத்தில் இருந்திருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. சராசரி விலை நீங்கள் எப்போதாவது கொடுத்த மிகக் குறைந்த விலையையும்விடக் குறைவாக இருந்தால், உள்ளே இலவசமோ, போனஸ் பங்கோ, பிரித்த பங்கோ, விலை பதியாமல் விட்ட ஒன்றோ கலந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு சோதனையை நான் செய்திருந்தால் போதும்.

முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறையை முழுக் கணக்குக்கும் போட்டால் இன்னும் ஒரு பயங்கரம். முதலில் வந்தது யாருடையது? அம்மாவுடையது. அப்படியானால் நான் விற்ற 60ம் அம்மாவின் 60. 3,263 ரூபாவும் அவருடையது. நான் சப்பாத்து வாங்கியது அவருடைய காசில்.

இதை நான் சொன்னபோது அம்மா சத்தம் போடவில்லை. "ஏம் பங்க வித்துப்புட்டியா?" என்று மட்டும் கேட்டார். இருபத்தைந்து வருசத்துக்கு மேல் பெட்டிக்குள் விற்காமல் வைத்திருந்த மனுசி.

இந்தியாவில் இப்படித்தான் சட்டம். டீமேட் கணக்கில் உள்ள பங்கை விற்றால் வரிக்கு முதலில் வந்தது முதலில் போனதாகத்தான் எடுப்பார்கள், அதுவும் ஒவ்வொரு கணக்குக்கும் தனியாக. பிரித்தானியாவில் பொதுவாக ஒரே குவியலாக்கிச் சராசரி, அன்றே வாங்கியதற்கும் விற்றபின் 30 நாளுக்குள் திரும்ப வாங்கியதற்கும் மட்டும் வேறு விதி. அமெரிக்காவில் எந்தப் பங்கை விற்கிறேன் என்று குறித்துச் சொல்லலாம், ஆனால் விற்கும் நேரத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். பிறகு யோசித்துப் பார்த்து எது வசதியோ அதைத் தெரிவது செல்லாது. இலங்கையில் 2018 ஏப்ரலிலிருந்து மூலதன ஆதாய வரி இருக்கிறது. ஆனால் சந்தையில் பட்டியலிட்ட பங்குகளை விற்கும் நம்மைப் போன்றவர்களுக்கு அது விலக்கு, கொன்ட்ராக்ட் நோட்டிலேயே அந்த 0.3 வீதத்தை வாங்கிவிடுகிறார்கள். ஆக எங்கள் வீட்டுக் கணக்கைக் கேட்க எந்த வரி அதிகாரியும் வரப்போவதில்லை. கேட்டது அம்மா. அம்மாவுக்கு எந்த விதி?

அந்தச் சட்டத்தில் எனக்கு உதவிய ஒரு யோசனை இருந்தது. வரி வருவதற்கு முன்னரே வைத்திருந்த சொத்துக்கு, வாங்கிய விலையைத் தோண்டாமல் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதி சந்தை விலையையே அடக்க விலையாக எடுக்கச் சொல்கிறது. பழசு தெரியாவிட்டால் ஒரு திகதியைப் பிடித்துக்கொள், அங்கிருந்து எண்ணு. நாங்களும் அப்படியே செய்தோம். அம்மாவின் பங்கு கணினியில் ஏறிய நாளின் விலை 40. அவர் இலவசமாகப் பெற்றார் என்பது உண்மை, ஆனால் பூச்சியம் என்று எழுதினால் எந்த விலைக்கு விற்றாலும் "முழுக்க இலாபம்தானே" என்று தோன்றும், கை கூசாமல் விற்கச் சொல்லும். 40 என்று எழுதினால், வைத்திருப்பதால் ஏறுகிறதா இறங்குகிறதா என்றாவது தெரியும். வரிக் கணக்கு என்று ஒன்று இருந்தால் இப்படி நினைத்த விலையைப் போட முடியாது. இது வீட்டுக்குள் செல்லும் கணக்கு.

விற்ற 60 யாருடையது என்பதை அம்மாவே தீர்த்தார். நான் சராசரி, குவியல் என்று விளக்கிக்கொண்டிருக்க, அவர் கேட்டார்: "மடுவத்துல என்னா செய்யிறோம்? நிறுத்துட்டு தானே கொட்டுறோம்?"

கொழுந்து மடுவத்தில் ஒவ்வொருத்தரின் கொழுந்தையும் தனியாகத் தராசில் தொங்கவிட்டு, கணக்கப்பிள்ளை பேருக்கு நேரே கிலோவை எழுதி, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்து, அதற்குப் பிறகுதான் எல்லாம் ஒன்றாக லொறியில் ஏறும். பெக்டரியில் வாட்டுவதற்குப் பரப்பிய கொழுந்தைப் பார்த்து இது யார் பறித்தது என்று எந்தக் கடவுளாலும் சொல்ல முடியாது. சொல்ல வேண்டியதுமில்லை, எழுதியாகிவிட்டது. எழுதாமல் கொட்டிவிட்டுப் பிறகு பிரிக்க வந்தால் சண்டைதான் மிஞ்சும். எழுதும்போதே எத்தனை தடவை சண்டை என்பது அம்மாவிடம் கேட்டால் தெரியும், கழிக்கிற கிலோவைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒரு முழு இரவு வேண்டும்.

நான் நிறுக்காமல் கொட்டியவள். விற்ற நாளில் எழுதிவைக்காததால், "என்னுடையதைத்தான் விற்றேன்" என்று இப்போது சொல்வதற்கு என்னிடம் எந்தச் சாட்சியும் இல்லை. நட்டம் வந்திருந்தால் "அம்மாவுடையது" என்று சொல்லியிருப்பேனோ என்று எனக்கே தெரியாது. அம்மா சொன்னார், "என்னோடத தொடலன்னு எழுது." எழுதினேன். அம்மாவின் 100 அப்படியே. என்னுடையதில் 40 மிச்சம், சராசரி முறையில் பங்கு 47.53.

இப்போது ஒரு சி.ஆர். கொப்பியும் அதே உருவத்தில் ஒரு எக்ஸெல் தாளும் இருக்கின்றன. ஒவ்வொரு வரியிலும் திகதி, யாருடையது, வாங்கலா விற்றலா, எத்தனை, விலை, கட்டணம், மொத்தம், கொன்ட்ராக்ட் நோட் இலக்கம். விற்றல் வரியில் கூடுதலாக, எந்த வாங்கல் வரியிலிருந்து போகிறது என்று. அந்தக் கடைசி ஒன்றைப் பட்டனை அழுத்த முன்னர் எழுதுகிறேன். என்னுடைய பங்குக்குச் சராசரி முறை, எல்லா வரிக்கும் அதுவே. எந்த வரியிலிருந்து என்பது யாருடையது என்று காட்டத்தான். ஒரு தடவை முதலில் வந்தது, அடுத்த தடவை சராசரி என்று மாற்றினால் அந்த 290 ரூபாவும் கடைசியில் பொருந்தாது. பங்குலாபம் வங்கிக்கு வந்தால் அது வேறு பக்கத்தில், அடக்க விலையிலிருந்து கழிப்பதில்லை. கம்பனி ஒரு பங்கை இரண்டாகப் பிரித்தால் மொத்தக் காசு அப்படியே இருக்க எண்ணிக்கை இரட்டிக்கும். மாதம் ஒரு தடவை கொப்பியின் எண்ணிக்கையை சி.டி.எஸ். அனுப்பும் அறிக்கையோடு ஒத்துப் பார்க்கிறேன். அவர்களிடம் எண்ணிக்கை இருக்கும், நான் என்ன விலைக்கு வாங்கினேன் என்பது இருக்காது. நாளைக்குத் தரகர் கம்பனியை மாற்றினால் பங்கு கூடவே வரும், அந்த விலைகள் பழைய ஆப்போடு நின்றுவிடும். ஆகவே கொன்ட்ராக்ட் நோட்டுகளை ஈமெயிலில் மட்டும் விடாமல் இறக்கி வைத்திருக்கிறேன்.

என் பேரில் தனியாக ஒரு சி.டி.எஸ். கணக்கும் போனிலேயே திறந்துவிட்டேன். புதிதாக வாங்குவது அதில். அம்மாவின் கணக்கில் இருக்கும் என்னுடைய 40ஐ மட்டும் இன்னும் விற்கவில்லை, 48.07க்காகக் காத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறேன். சட்டப்படி பார்த்தால் அதுவும் அம்மாவுடையதுதான், கணக்கில் இருப்பது அவர் பெயர்.

தம்பியின் வகுப்புக் காசுக்கு அம்மா கடைசியில் பங்கை விற்கவில்லை, சீட்டை முன்னுக்கு எடுத்தார். நான் கொடுத்த 900 ரூபாவும் அந்தச் சீட்டுக்குத்தான் போயிருந்ததாம். கொப்பியில் அதை எந்த வரியில் போடுவது என்று கேட்டேன். "அது நீ சும்மா குடுத்தது, எழுதாத" என்றார்.